ஷூ கேபினட்டைத் தரையில் வைக்காதீர்கள், சுவரில் மாட்டுங்கள்

சாய்த்துத் திறக்கும் ஷூ கேபினட் விலை இறங்கியிருக்கிறதே, சின்ன ஃப்ளாட்டுக்கு வாங்கலாமா என்று நண்பர் கேட்டார். என் வீட்டுக் கேபினட்டின் கீழ்க் கீல் கழன்று தச்சரைக் கூப்பிட்டுச் சரிசெய்த கையோடு எழுதுவதால் கோபம் கொஞ்சம் தெரியும்.

இடம் மிச்சமாவது உண்மை. சாதாரண ராக் ஓரடி ஆழம். மூன்றடி நடையில் வைத்தால் ஒருக்களித்துத்தான் போக வேண்டும். இது ஏழு இன்ச்தான். இரண்டு கதவில் ஆறு ஜோடி தாராளமாக நிற்கும். பெரிய ஷூவை மட்டும் முனை கீழே இருக்கும்படி வைத்தால்தான் கதவு மூடும்.

தொல்லையெல்லாம் ஸ்கர்ட்டிங் டைலில் இருக்கிறது. நாலு இன்ச் உயர டைல் சுவரைவிட அரை இன்ச் துருத்திக்கொண்டு நிற்கும். கேபினட்டின் அடி அதில் முட்டும், மேலே இடைவெளி விழும். அதைப் பார்த்து மேல் ஸ்க்ரூவை இறுக்கினால் பெட்டி பின்னால் சாய்ந்து முறுக்கிக்கொள்ளும். கதவு ஒரு பக்கம் உரசத் தொடங்கும். தரை துடைக்கிற தண்ணீர் வேறு பார்ட்டிகிள் போர்டின் அடி விளிம்பில் ஏறும். ஊறிய பலகை உப்பி மாவாக உதிரும், கீல் ஸ்க்ரூவுக்குப் பிடிப்பே இருக்காது. அதே துளையில் பெரிய ஸ்க்ரூ போட்டாலும் நிற்காது.

அடிப்பக்கம் தரையிலிருந்து ஆறு இன்ச் மேலே இருக்கும்படி மாட்டினால் இரண்டு தொல்லையும் ஒன்றாகத் தீரும். மெல்லிய பின்தகட்டில் துளை போடாதீர்கள். மேலும் கீழும் உள்ள தடித்த குறுக்குச் சட்டத்தில் இரண்டிரண்டு ஸ்க்ரூ போதும். செங்கல் சுவருக்கு எட்டு எம்எம் பிளக், இரண்டு இன்ச் ஸ்க்ரூ. பூச்சே அரை இன்ச் போய்விடும் என்பதால் குட்டை ஸ்க்ரூ வேண்டாம். ஹாலோ பிளாக் சுவரில் சாதா பிளக் பிடிக்காது, அதற்கென உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். கீழே கிடைக்கும் இடத்தில் மழையில் நனைந்த செருப்பு காயட்டும். ஈரத்தோடு உள்ளே வைத்தால் தோல் பூஞ்சை பிடிக்கும்.

சாவிக் கொக்கியைக் கேபினட்டுக்கு நேர் மேலே வைக்கலாம், ஆனால் பின்னால் இடைவெளி இல்லாவிட்டால் மட்டும். அந்த அரை இன்ச்சில் விழுந்த சாவியை எடுக்க கேபினட்டையே கழற்ற வேண்டியிருக்கும். ஒட்டுக் கொக்கி டிஸ்டெம்பர் சுவரில் பெயிண்டோடு உரிந்து வரும். ஒரு மரப்பட்டையில் கொக்கிகளை இரண்டு இன்ச் தள்ளித் தள்ளிப் பூட்டி, பட்டையை ஸ்க்ரூ போட்டு மாட்டுங்கள். சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலும் கீழும் வயர் குழாய் ஓடும், அங்கே டிரில் வேண்டாம். வாசல் கிரில் வழியாகக் கை விட்டால் சாவி எட்டாத பக்கமாகவும் இருக்கட்டும்.

இத்தனை வசதி இருந்தும், பார்ட்டிகிள் போர்டில் வருவதை இந்த விலைக்கும் வாங்க வேண்டாம் என்றே நண்பரிடம் சொன்னேன். அதே ஏழு இன்ச் அளவு கொடுத்து பிளைவுட்டில் செய்துகொள்ளுங்கள்.