20% டிடிஎஸ் பிடிச்சாங்க, என் பேர்ல ஒரு ரூபா ஏறல

பெயிண்டிங் கான்ட்ராக்ட் எடுக்கிறவங்க யாரா இருந்தாலும் இத ஒரு தடவ படிச்சிருங்க. 2023 ஆகஸ்ட்ல ஒரு பில்டருக்கு வேலை முடிச்சு 1,80,000 பில் குடுத்தேன், என்ன மாதிரி தனிநபருக்கு கான்ட்ராக்ட் வேலைக்கான 194சி செக்ஷன்ல டிடிஎஸ் 1% தான், அதாவது 1,800 பிடிக்கணும், ஆனா செப்டம்பர்ல கைக்கு வந்தது 1,44,000. கேட்டா "உங்க பான் நம்பர் எங்க சிஸ்டத்துல இல்ல சார், அதான் 20%" னாங்க. நான் வாட்ஸ்அப்ல அனுப்பி ரெண்டு மாசம் ஆச்சு, யாரும் ஏத்தல.

அப்பவும் அந்த அக்கவுண்டன்ட் "கவர்மென்ட்ல தான சார் கட்டிருக்கோம், ஐடிஆர் போட்டு ரீஃபண்ட் வாங்கிக்கோங்க" னு ரொம்ப ஈஸியா சொன்னாரு, நானும் நம்பிட்டேன். அங்கதான் ஏமாந்தேன்! 2024 ஜூலைல ஐடிஆர் போட உக்காந்து, நம்ம பான்ல எவ்ளோ வரி ஏறிருக்குனு காட்டுற 26ஏஎஸ் ஸ்டேட்மென்ட் எடுத்தா அந்த 36,000 இல்லவே இல்ல. அவங்க டிடிஎஸ் ரிட்டர்ன்ல என் பான் இருக்க வேண்டிய இடத்துல PANNOTAVBL, அதாவது பான் இல்லனு போட்டு விட்டிருக்காங்க. பணம் கவர்மென்ட்டுக்குப் போயிருச்சு, ஆனா யாரோடதுனு தெரியாம கிடக்குது. வரி பிடிச்சதுக்கு அவங்க தர வேண்டிய 16ஏ சர்டிபிகேட்டும் வராது.

இதுக்கு நடுவுல ஒரு கன்சல்டன்ட் "26ஏஎஸ்-ஐ நான் சரி பண்ணித் தரேன்" னு 3,000 வாங்கிட்டுப் போனான். சுத்தப் பொய். பணம் பிடிச்சவங்கதான், டிடிஎஸ் பிடிக்கிறதுக்குனு அவங்க வாங்கிருக்கிற டேன் நம்பர்ல லாகின் பண்ணி, அந்தக் குவாட்டருக்குப் போட்ட 26க்யூ-ங்கிற டிடிஎஸ் ரிட்டர்னுக்கு கரெக்ஷன் ரிட்டர்ன் போடணும், நம்மளாலயோ நம்ம ஆடிட்டராலயோ ஆகாது. "மிச்சத்த திருப்பிக் குடுங்க" னு பில்டர்கிட்ட சண்ட போட்டும் பிரயோஜனமில்ல, கட்டுனது கட்டுனதுதான். பான் மட்டும் சரியாகணும், பணம் நம்ம ஐடிஆர் வழியாதான் வரும்.

ஆடிட்டர் சொன்னபடி அந்த கிரெடிட் இல்லாமலே ஜூலைல ரிட்டர்ன் போட்டேன். அப்புறம் பான் காப்பி, பில், பேங்க் ஸ்டேட்மென்ட் எல்லாம் வச்சு, எந்தக் குவாட்டர், எவ்ளோ தொகைனு எழுதி மெயில் போட்டேன். வாயால கேட்டப்போ அசையாதவங்க மெயிலுக்கு அசைஞ்சாங்க, அதுவும் நாலு தடவ போட்டப்புறம். அக்டோபர்ல 26ஏஎஸ்-ல ஏறுச்சு, டிசம்பர் 31-க்குள்ள அந்த கிரெடிட்டயும் சேத்து ரிவைஸ்டு ரிட்டர்ன் போட்டுட்டேன்.

அதனால பில்லுலயே பான் நம்பர அடிச்சு விடுங்க. ஆதாரோட லிங்க் பண்ணலனா பான் இருந்தும் இல்லாத கணக்குதான், அதுக்கும் 20% பிடிப்பாங்க. ஜூலை-செப்டம்பர் பேமென்ட்டுக்கு அவங்க அக்டோபர் 31-க்குள்ள ரிட்டர்ன் போடணும், அப்ப நவம்பர்லயே 26ஏஎஸ் பாருங்க, என்ன மாதிரி அடுத்த ஜூலை வரைக்கும் விடாதீங்க.

அதே வருஷம் இன்னொரு பார்ட்டி 60,000-க்கு 12,000 பிடிச்சு வச்சிருக்கான், இன்னும் கரெக்ஷன் போடல, ஃபோனும் எடுக்க மாட்டேங்குறான்.