பில்லில் வரும் இரண்டு வேலை: வீல் அலைன்மென்டும் வீல் பெலன்சிங்கும்

தலவாக்கலையில் இருக்கும் என் மச்சான் ஒரு சின்ன கார் வைத்திருக்கிறார். போன மழைக்காலம் முடிந்ததும் குடும்பத்தோடு காலிக்குப் புறப்பட்டார். ஹட்டன், கினிகத்தேனை, கித்துல்கலை என்று மலை இறங்கும்வரை காரில் ஒரு குறையும் தெரியவில்லை. கடுவலையில் அதிவேகப் பாதைக்குள் நுழைந்து 80ஐத் தொட்டதும் ஸ்டியரிங் கையில் நடுங்கத் தொடங்கியது. 60க்கு இறக்கினால் நின்றுவிடும், ஏற்றினால் திரும்பவும் வரும்.

ஊருக்கு வந்ததும் ஒரு கராஜில் விட்டார். வீல் அலைன்மென்ட் செய்து பில் கொடுத்தார்கள். அடுத்த முறை கொழும்புக்கு இறங்கியபோது அதே நடுக்கம். "காசை வாங்கிக்கொண்டு ஏமாற்றிவிட்டார்கள்" என்று எனக்கு போன் எடுத்துக் கத்தினார். நான் அந்த பில்லையும், அதோடு கொடுத்த கம்பியூட்டர் தாளையும் வாங்கிப் பார்த்தேன். அவர்கள் செய்த வேலை பொய்யில்லை. அவர் சொன்ன குறைக்கு அது மருந்தில்லை, அவ்வளவுதான்.

பெலன்சிங் என்பது சில்லின் எடை பற்றியது. டயரும் ரிம்மும் சேர்ந்த வட்டத்தில் ஒரு பக்கம் சில கிராம் கூடினால், சுற்றும்போது அந்தப் பக்கம் வெளியே இழுக்கும். இந்த இழுவை வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும். 14 அங்குல ரிம்மின் ஓரத்தில் 45 கிராம் கூடுதலாக இருக்கிறது என்று வையுங்கள். 30 கிலோமீற்றர் வேகத்தில் அது முக்கால் கிலோவுக்கும் குறைவான இழுவைதான். 80இல் அதுவே 5 கிலோ அளவுக்கு வந்துவிடும், அதுவும் செக்கனுக்கு 12, 13 தடவை மேலும் கீழும் முன்னும் பின்னும் அடிக்கும். நமது பாதைகளில் வளைவுக்கு வளைவு 30, 40இல்தானே போகிறோம்? அதனால் மலையில் இந்தக் குறை மாதக்கணக்கில் மறைந்து கிடக்கும். சமவெளிக்கு இறங்கிய அன்றுதான் தெரியும்.

அலைன்மென்ட் எடை பற்றியதல்ல, கோணம் பற்றியது. சில்லுகள் எந்தப் பக்கம் பார்த்து நிற்கின்றன என்பதே கேள்வி. அந்தத் தாளில் கேம்பர், காஸ்டர், டோ என்று மூன்று வகை அளவு வரும். பெரும்பாலான சின்ன கார்களில் முன் சில்லுகளின் டோவை மட்டும்தான் திருகித் திருத்த முடியும். மற்ற இரண்டில் ஒன்று அளவு தப்பிச் சிவப்பில் வந்தால் ஏதோ பாகம் வளைந்திருக்கிறது அல்லது தேய்ந்திருக்கிறது என்று பொருள். டோ என்பது முன் சில்லு இரண்டும் ஒன்றுக்கொன்று நேராக ஓடுகின்றனவா, மூக்கை உள்ளே திருப்பியிருக்கின்றனவா, வெளியே விரித்திருக்கின்றனவா என்ற அளவு.

மச்சானின் தாளில் திருத்துவதற்கு முன் இரண்டு சில்லுக்கும் சேர்த்து 4 மில்லிமீற்றர் வெளியே விரிந்திருந்தது. கேட்க அற்பமாகத்தான் இருக்கும். ஆனால் கணக்குப் பாருங்கள். சில்லு ஒன்றுக்கு 2 மில்லிமீற்றர். அதை ரிம்மின் விட்டமான 355 மில்லிமீற்றரால் வகுத்தால், கார் ஒரு கிலோமீற்றர் ஓடும்போது ஒவ்வொரு முன் டயரும் ஐந்தரை மீற்றருக்கு மேல் பக்கவாட்டில் தேய்த்து இழுக்கப்படுகிறது. 100 கிலோமீற்றர் போனால் அரைக் கிலோமீற்றருக்கும் மேல். இந்தத் தேய்ப்புக்கு சத்தம் கிடையாது, ஸ்டியரிங்கில் நடுக்கமும் வராது. இரண்டு பக்கமும் ஒரே அளவு விரிந்திருந்தால் கார் நேராகவே ஓடும். டயர் மட்டும் கரையும்.

மச்சானுக்கு நான் சொன்னது இதுதான்: கையில் தெரிந்த குறை பெலன்சிங். தெரியாமல் டயரைத் தின்றுகொண்டிருந்தது அலைன்மென்ட். முதல் கராஜ் இரண்டாவதைத் திருத்திவிட்டு, முதலாவதைத் தொடவேயில்லை. வேகத்தில் நடுக்கம் என்று சொல்லி வண்டியை விட்டவருக்கு பெலன்சிங்தான் முதலில் பார்த்திருக்க வேண்டும்.

அப்புறம் இன்னொரு இடத்துக்குப் போனோம். அங்கிருந்த பாஸ் சில்லைக் கழற்றி உள்பக்கம் திருப்பிக் காட்டினார். "அண்ணே, இதைப் பாருங்க" என்றார். ரிம்மின் உள் வளைவில் தோட்டத்துச் செம்மண் காய்ந்து கல்லாக ஒட்டியிருந்தது. மெஷினில் போட்டதும் உள்பக்கம் 45 கிராம் காட்டியது. மண்ணைச் சுரண்டிக் கழுவி மறுபடி சுற்றியபோது 15. எடையைச் சமப்படுத்த முன்பு அடித்திருந்த ஈயத்துண்டு ஒன்று கழன்று விழுந்த தடமும் அதில் தெரிந்தது. 15 கிராம் கிளிப் ஒன்றை அடித்து மூன்றாவது முறை சுற்றினார், இரண்டு பக்கமும் பூச்சியம். இந்தக் கடைசிச் சுற்றைக் கண்ணால் பார்க்காமல் காசு கொடுக்க வேண்டாம் என்பேன். மண்ணோடு பெலன்ஸ் செய்தால், அந்த மண் விழும் அன்று நடுக்கம் திரும்பி வந்துவிடும்.

சரி, எது தேவை என்று எப்படி அறிவது? குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் நடுக்கம் என்றால் பெலன்சிங். ஸ்டியரிங் நடுங்கினால் முன் சில்லு, சீட் நடுங்கினால் பெரும்பாலும் பின் சில்லு. பிரேக் பிடிக்கும்போது மட்டும் நடுங்கினால் டிஸ்க்கைப் பார்க்க வேண்டும், பெலன்சிங்கில் அது தீராது. குழியில் அடிபட்டு ரிம் வளைந்திருந்தாலும் ஈயம் ஒட்டிப் பயனில்லை. மெஷினில் சுற்றும்போது ரிம்மின் ஓரம் ஆடுவது கண்ணுக்கே தெரியும்.

நேரான பாதையில் ஸ்டியரிங் கோணலாக நின்றாலோ, கார் ஒரு பக்கம் இழுத்தாலோ அலைன்மென்ட். இங்கே ஒரு எச்சரிக்கை. நம் பாதைகள் மழைத்தண்ணீர் வடிய ஓரம் சரிந்திருப்பதால், கையை விட்டால் கார் மெல்ல இடப்பக்கம் போவது குறையல்ல. இரண்டு முன் டயரையும் பக்கம் மாற்றிப் போட்டுப் பாருங்கள். இழுவையும் பக்கம் மாறினால் பிழை டயரில் இருக்கிறது.

டயர்த் தேய்வைப் படிப்பதில் மலைநாட்டுக்காரர்களுக்குத் தனிக் கவனம் வேண்டும். நாள் முழுக்க வளைவுகளில் திரும்புவதால், அலைன்மென்ட் சரியாக இருந்தாலும் முன் டயர்களின் வெளி விளிம்பு சற்று முந்தித் தேயும். அதைக் காட்டி மாதாமாதம் அலைன்மென்ட் செய்யச் சொன்னால் நான் சம்மதிக்க மாட்டேன். உள் விளிம்பு தேய்ந்தால் கதை வேறு. ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பிவிட்டு, உள்ளே கைவைத்துத் தடவினால் தெரிந்துவிடும். மச்சானின் இடது முன் டயர் அப்படித்தான் உள்ளே மொட்டையாகியிருந்தது.

புது டயர் போட்டாலோ பஞ்சர் ஒட்ட டயரை ரிம்மிலிருந்து கழற்றினாலோ பெலன்சிங் கட்டாயம், அலைன்மென்ட் அதனால் மாறாது. ஸ்டியரிங்கைச் சில்லோடு இணைக்கும் டை ரொட் எண்ட் மாற்றினால் அலைன்மென்ட் கட்டாயம், பெலன்சிங்குக்கு வேலையில்லை. டை ரொட் எண்ட் ஆடும் வண்டிக்கு அலைன்மென்ட் செய்வதோ வீண் செலவு. வெளியே வந்து முதல் குழியில் இறங்கியதும் அளவு மாறிவிடும். அதனால் மெஷினில் ஏற்றுமுன் சில்லைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார்களா, காற்று அளந்தார்களா என்று கேளுங்கள்.

இரண்டில் ஒன்றுக்குத்தான் இந்த மாதம் காசு இருக்கிறது, உள் விளிம்பும் தேய்கிறது, வண்டி மலையை விட்டு இறங்குவதேயில்லை என்றால், நான் அலைன்மென்டையே எடுப்பேன். மச்சானைப் போல அடிக்கடி இறங்குபவர் இரண்டையும் செய்யட்டும். புறப்படும் முன் ரிம்மின் உள்பக்கத்துக்கும் ஹோஸ் பைப்பால் தண்ணீர் அடிப்பதை அவர் இப்போது மறப்பதில்லை.