கட்டில் வரிசையா, ஆபத்தின் வரிசையா? ஷிஃப்ட் மாறும்போது எதை முதலில் சொல்வது

திருகோணமலையில் மாரி மழைக்குப் பின் டெங்கு கூடும் நாட்களில், மருத்துவ வாட்டில் கட்டில் போதாமல் தரையிலும் மெத்தை விரிப்பார்கள். இரவு ஏழு மணிக்கு வேலை ஏற்க வரும் மிஸ்மாருக்கு முன்னால் கட்டிலில் 30 பேர், தரையில் ஆறு பேர் என்று வைத்துக்கொள்வோம். பகல் ஷிஃப்ட் வாய்மொழியாகச் சொல்லி முடிக்கக் கிடைப்பது 25 நிமிடம், அதாவது ஆளுக்கு 40 செக்கனுக்கும் சற்றுக் கூட. இந்த நேரத்தை எந்த ஒழுங்கில் செலவழிப்பது? நடைமுறையில் மூன்று வழிகள் இருக்கின்றன: கட்டில் இலக்கப்படி சொல்லிப் போவது, எஸ்பார் முறை, ஐ-பாஸ் முறை. மூன்றையும் ஒரே நோயாளரை வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெளிவாகும்.

அவர் 17ஆம் கட்டிலில் இருக்கிறார். கிண்ணியாவைச் சேர்ந்த 22 வயது இளைஞர், நிறை 50 கிலோ. காய்ச்சலின் ஐந்தாம் நாள், டெங்கு. இன்று காலை 9 மணிக்கு கிரிட்டிக்கல் ஃபேஸ் தொடங்கியதாக டொக்டர் டிக்கெட்டில் எழுதியிருக்கிறார். காய்ச்சல் இறங்கிவிட்டது. எழுந்து உட்கார்ந்து வீட்டாரோடு கதைக்கிறார். பார்ப்பவருக்கு வாட்டிலேயே சுகமான ஆள் இவர்தான். ஆனால் இரத்தக் குழாய்களிலிருந்து பிளாஸ்மா கசிவது காய்ச்சல் இறங்கும் இந்தக் கட்டத்தில்தான். கசிவு 24 முதல் 48 மணி நேரம் நீடிக்கலாம்.

கட்டில் வரிசை

"பதினேழு, டெங்கு, அஞ்சாம் நாள். காய்ச்சல் இல்லை. சேலைன் போகுது. பிறசர் ஓகே. பி.சி.வி அனுப்பியிருக்கு. பதினெட்டு..."

பி.சி.வி என்பது இரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை சதவீதம் என்ற அளவு; பிளாஸ்மா கசியக் கசிய அது ஏறும். மேலே சொன்னதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. ஆனால் ஏற்பவர் மனதில் பதிவது "சுகமாகி வருகிற டெங்கு நோயாளர்" என்ற படம். பிறசர் 104/80 என்பதை "ஓகே" விழுங்கிவிட்டது. மாலை மூன்று மணிக்கு அது 110/80. மேல் எண்ணுக்கும் கீழ் எண்ணுக்கும் இடையிலான இடைவெளி 30இலிருந்து 24க்குச் சுருங்கியிருக்கிறது. டெங்குவில் மேல் எண் விழுவதற்கு முன்பே இடைவெளிதான் சுருங்கும். அது 20 அல்லது அதற்குக் கீழே வந்தால் ஷொக் என்றே கொள்ள வேண்டும். ஒற்றை அளவைச் சொல்வதும் அளவு போகும் திசையைச் சொல்வதும் ஒன்றல்ல.

கட்டில் வரிசைக்கு ஒரு பலம் உண்டு: கட்டிலில் இருப்பவர் எவரும் விடுபடுவதில்லை. விடுபடுவது கட்டில் இலக்கம் இல்லாதவர்கள். தரை மெத்தையில் இருப்பவர், ஸ்கேனுக்குப் போனவர், தியேட்டரிலிருந்து இன்னும் திரும்பாதவர் ஆகியோர் அந்த வரிசைக்குள் வருவதே இல்லை. இன்னொரு குறை, கேட்பவரின் கவனம் முதல் பத்துக் கட்டிலுக்குள் நன்றாக இருந்து பிறகு தளர்வது. முதல் கட்டிலில் நாளை வீட்டுக்குப் போகிறவருக்கு ஒன்றரை நிமிடம் போனால், 27ஆம் கட்டிலில் மூச்சு வாங்குகிறவருக்கு 20 செக்கன்தான் மிஞ்சும்.

எஸ்பார்

நிலைமை, பின்னணி, மதிப்பீடு, பரிந்துரை என்ற நான்கு படிகள். அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களில் பிறந்து, பிறகு மருத்துவத்துக்கு வந்த முறை இது. நம் நோயாளரை இதில் சொன்னால் இப்படி வரும்:

"பதினேழாம் கட்டில், டெங்கு, கிரிட்டிக்கல் ஃபேஸில இருக்கிறார். காலமை ஒன்பது மணிக்குத் தொடங்கினது. வரேக்க பி.சி.வி 39, ரெண்டு மணிக்கு 43. பல்ஸ் 88இல இருந்து 104 ஆகியிருக்கு, பிறசர் இடைவெளி 30இல இருந்து 24. கடைசி நாலு மணித்தியாலத்தில சிறுநீர் 100 மி.லீ. ஆள் கசியிறார் எண்டு நினைக்கிறன். ஆறு மணி பி.சி.வி வந்த உடனே டொக்டருக்குச் சொல்லுங்கோ."

முதல் முறையை விட இது எவ்வளவோ மேல். திசை தெரிகிறது, சொல்பவரின் கணிப்பும் தெரிகிறது. சிறுநீர் மணிக்கு 25 மி.லீ, அதாவது கிலோவுக்கு அரை மி.லீ. அது கீழ் எல்லையிலேயே நிற்கிறது. பல்ஸ், இடைவெளி, சிறுநீர் என்ற மூன்றையும் தனித்தனியாகப் பார்த்தால் பயமில்லை. சேர்த்துப் பார்த்தால் மூன்றும் ஒரே பக்கம் சாய்கின்றன.

ஆனால் எஸ்பார், ஒருவர் இன்னொருவரிடம் "இப்போதே இதைச் செய்யுங்கள்" என்று கேட்பதற்கு ஏற்ற முறை. இரவு இரண்டு மணிக்கு டொக்டருக்குத் தொலைபேசி எடுக்கும்போது இதைவிட நல்ல ஒழுங்கு இல்லை. கையளிப்பில் தேவைப்படுவதோ அடுத்த 12 மணி நேரத்துக்கான முன்யோசனை. றிப்போர்ட் எட்டு மணியாகியும் வராவிட்டால் என்ன செய்வது என்பதற்கு எஸ்பாரில் இடமில்லை. 36 பேரில் யாரை முதலில் சொல்வது என்பதையும் அது சொல்வதில்லை. கேட்டவருக்கு விளங்கியதா என்று பார்க்கும் படியும் கிடையாது.

ஐ-பாஸ்

இதில் ஐந்து படிகள்: நோயின் கடுமை, சுருக்கம், செய்ய வேண்டியவை, "இப்படி நடந்தால் இப்படி", கடைசியாகக் கேட்டவர் திருப்பிச் சொல்வது. அமெரிக்காவிலும் கனடாவிலும் ஒன்பது வைத்தியசாலைகளின் குழந்தை மருத்துவப் பிரிவுகளில் இதைப் பயன்படுத்தியபோது மருத்துவத் தவறுகள் 23 சதவீதம் குறைந்ததாக 2014இல் ஆய்வு வெளியானது. அங்கே கையளித்தவர்கள் பயிற்சி டொக்டர்கள், தாதியர் அல்ல. ஆகவே அந்த எண்ணை அப்படியே நமது வாட்டுக்கு எடுக்கக் கூடாது. முறையை மட்டும் எடுக்கலாம்.

கடுமையை முதலில் சொல்வதில் ஒரு பொறி இருக்கிறது. "ஆள் ஸ்டேபிள்" என்று தீர்மானிப்பது யார்? தோற்றத்தைப் பார்த்துத் தீர்மானித்தால் 17ஆம் கட்டில் பட்டியலின் அடிக்குப் போய்விடும். ஆகவே முன்னுக்கு வர வேண்டியவர்களைத் தேர மூன்று கேள்விகள் போதும். அளவுகள் ஏதாவது ஒரு பக்கமாக நகர்கின்றனவா? மணிக்கணக்குப் பார்க்க வேண்டிய ஏதாவது ஓடிக்கொண்டிருக்கிறதா, அதாவது இரத்தம் ஏற்றுதல், இன்சுலின், டெங்குவின் 48 மணி நேரம் போன்றவை? வர வேண்டிய றிப்போர்ட் ஏதாவது நிலுவையில் இருக்கிறதா? ஒன்றுக்கு "ஓம்" என்றாலே அவர் முன் வரிசை. நம் இளைஞருக்கு மூன்றுமே "ஓம்".

அடுத்தது நீர்க் கணக்கு. டெங்கு கையளிப்பில் அதிகம் சிதறுவது இதுதான். இலங்கையின் தேசிய வழிகாட்டல்படி 48 மணி நேர ஒதுக்கீடு, பராமரிப்பு நீரும் உடல் நிறையின் ஐந்து சதவீதமும் சேர்ந்தது. 50 கிலோவுக்குப் பராமரிப்பு 2100 மி.லீ. ஐந்து சதவீதம் என்பது கிலோவுக்கு 50 மி.லீ, ஆக 2500. மொத்தம் 4600. வாயால் குடிப்பதும் நரம்பால் ஏறுவதும் இதற்குள்தான் அடங்கும். ஏழு மணிவரை பத்து மணி நேரத்தில் 1150 போயிருக்கிறது: சேலைன் 650, வாயால் 500. மீதி 3450, அது 38 மணி நேரத்துக்கு. சராசரி மணிக்கு ஏறக்குறைய 90. கசிவின் வேகத்துக்கு ஏற்ப டொக்டர் வேகத்தைக் கூட்டிக் குறைப்பார். சராசரி, நாம் எல்லை மீறிப் போகிறோமா என்று பார்க்க மட்டுமே.

அந்த 500இல்தான் பிழை புகும். மாலைப் பார்வையாளர் நேரம் கையளிப்புக்குச் சற்று முன்னர்தான் முடியும். வீட்டார் கொண்டுவந்த செவ்விளநீரும் ஜீவனியும் சாட்டில் ஏறாமலே உள்ளே போயிருக்கும். கணக்கில் வராத நீர், கசிவு நின்று பிளாஸ்மா குழாய்க்குள் திரும்பும் நேரத்தில் நெஞ்சில் நீராகி மூச்சை முட்டும். எனவே சாட்டைப் பார்த்துச் சொன்னால் போதாது. கையளிக்கும் மிஸ் நோயாளரிடமே "பின்னேரம் என்ன குடிச்சனீங்க, எத்தனை கப்?" என்று கேட்டு எழுதிய பிறகுதான் எண்ணைச் சொல்ல வேண்டும்.

இவ்வளவையும் சேர்த்தால் கையளிப்பு இப்படி ஓடும்:

"அக்கா, இவர் முன் வரிசை. டெங்கு, கிரிட்டிக்கல் ஃபேஸ் இண்டைக்குக் காலமை ஒன்பதுக்குத் தொடங்கி நாளையிண்டைக்குக் காலமை ஒன்பதுக்கு முடியும். பத்து மணித்தியாலம் போட்டுது. பல்ஸ் 88இல இருந்து 104, இடைவெளி 30இல இருந்து 24, சிறுநீர் மணிக்கு 25. நீர் 4600இல 1150 போட்டுது. ஆறு மணி பி.சி.வி இன்னும் வரேல்லை, ஏழரைக்கு நீங்க லாப்புக்குக் கோல் எடுக்க வேணும். இடைவெளி 20க்கு வந்தாலோ, பி.சி.வி 47 ஆனாலோ, சிறுநீர் 25க்குக் கீழ போனாலோ, காத்திருக்காம டொக்டரைக் கூப்பிடுங்கோ."

"சரி தங்கச்சி, நான் சொல்லிப் பாக்கிறன். முடியிறது நாளையிண்டைக்குக் காலமை ஒன்பது. மீதி 3450. ஏழரைக்கு லாப். இருபது, நாப்பத்தேழு, இருபத்தஞ்சு."

47 எங்கிருந்து வந்தது? ஆரம்ப பி.சி.வி 39. அதில் 20 சதவீதம் ஏறினால் 46.8. "கூடினால் சொல்லுங்கோ" என்று விட்டால் 45ஐப் பார்த்து ஒருவர் அழைப்பார், 48ஐப் பார்த்தும் இன்னொருவர் யோசிப்பார். எண்ணாகச் சொன்னால் அந்தக் குழப்பம் இல்லை. அழைத்த பிறகு எந்த நீர், எவ்வளவு என்பது டொக்டரின் தீர்மானம்.

நிலுவையில் இருக்கும் றிப்போர்ட்டை "அனுப்பியிருக்கு" என்று மட்டும் சொல்வது இந்த மூன்று முறைகளிலும் நடக்கக்கூடிய பிழை. அனுப்பியவர் வீட்டுக்குப் போய்விடுவார், ஏற்றவர் அது வந்துவிட்டதாக எண்ணுவார். ஆள், நேரம் இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் அது வேலையாக மாறும். தமிழ், முஸ்லிம், சிங்கள மிஸ்மார் ஒன்றாக வேலை செய்யும் எங்கள் வாட்டுகளில் எண்கள் ஆங்கிலத்திலேயே போகும். ஃபிஃப்டீனும் ஃபிஃப்டியும் சத்தத்துக்குள் ஒன்றாகவே கேட்கும். அந்த இடத்தில் "ஒன், ஃபைவ்" என்று இலக்கம் இலக்கமாகத் திருப்பிச் சொல்ல வேண்டும்.

ஐ-பாஸின் குறை நேரம். முழுதாகச் சொல்ல ஒருவருக்கு இரண்டரை நிமிடம் வேண்டும். 36 பேருக்கும் அப்படிச் சொன்னால் ஒன்றரை மணி நேரம் ஆகும், அது நடக்காத காரியம்.

ஆகவே மூன்றையும் இடம் பார்த்துக் கலப்பதே எமது தெரிவு. முதலில் மேசையடியில் ஆட்தொகை: டிக்கெட்டுகளை எண்ணி, கட்டில், தரை, ஸ்கேன், தியேட்டர் என்று ஒவ்வொருவரும் எங்கே என்று பார்ப்பது. பிறகு முன் வரிசையில் உள்ள நான்கைந்து பேருக்கு மட்டும் ஐ-பாஸ், அதையும் கட்டிலடியிலேயே. அங்கேதான் சொன்னதைக் கண்ணால் சரிபார்க்க முடியும். பம்ப் இல்லாமல் 20 துளி ஒரு மி.லீ ஆகும் செட்டில் மணிக்கு 90 ஏறுகிறது என்றால் நிமிடத்துக்கு 30 துளி விழ வேண்டும். நோயாளர் கையை மடித்துப் படுத்திருந்தால் 18தான் விழும். அதை இருவரும் சேர்ந்து எண்ணிவிடலாம். அயலவர் கேட்கக் கூடாத விடயங்களை மேசையடியிலேயே முடித்துவிட்டு வருவது நல்லது. மற்றவர்களைக் கட்டில் இலக்கப்படி, 20 செக்கனில், மாறியதை மட்டும் சொல்லிக்கொண்டு நடக்கலாம். எஸ்பாரை, அதே இரவில் பி.சி.வி 47 என்று லாப் சொல்லும் நிமிடத்தில், டொக்டரின் இலக்கத்தை அழுத்தும்போது எடுத்தால் போதும்.