அரிசியா, கருவாடா: மூன்று சரக்குக் கடை ஒன்றின் சமப்பாட்டுப் புள்ளி

திருகோணமலையில் நான் நடத்தும் கடையில் அரிசி, கருவாடு, பனம்பொருட்கள் ஆகிய மூன்று வகைச் சரக்குகள் விற்பனையாகின்றன. கடையின் இடமும் கொள்முதலுக்கான பணமும் அளவானவை என்பதால், அரிசியைப் பெருக்குவதா கருவாட்டைப் பெருக்குவதா என்ற கேள்வி எழுந்தது. முதலில் அரிசியைப் பெருக்கினேன். பிறகு கருவாட்டின் பக்கம் திரும்பினேன். இரண்டையும் செய்து பார்த்த எனக்குக் கருவாடே சரியெனப் படுகிறது. அதற்கான கணக்கைக் கீழே தருகிறேன். எளிதாக விளங்கும்பொருட்டு எண்களை முழுமையாக்கியிருக்கிறேன்.

வாடகை, சம்பளம், மின்சாரம் என, விற்றாலும் விற்காவிட்டாலும் மாதம் 1,75,000 ரூபாய் செலவாகிறது. நூறு ரூபாய் விற்பனையில் கொள்விலையும் ஏற்றுகூலியும் போக அரிசியில் 10 ரூபாயும், கருவாட்டில் 25 ரூபாயும், பனங்கட்டி, ஒடியல் போன்றவற்றில் 40 ரூபாயும் பங்களிப்பாக மிஞ்சுகின்றன. இம்மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்தால் 25 வரும்; அதன்படி 7 இலட்சம் விற்றால் போதும் என்று தோன்றும். இக்கணக்கு பிழையானது, ஏனெனில் மூன்றும் சம அளவில் விற்பனையாவதில்லை. என் பழைய விற்பனையில் அரிசி 60 வீதமும், கருவாடு 30 வீதமும், பனம்பொருட்கள் 10 வீதமுமாக இருந்தன. அந்த விகிதப்படி நூறு ரூபாய்க்கு முறையே 6, 7.50, 4 என மொத்தம் 17.50 ரூபாய் மிஞ்சியது. 1,75,000 ரூபாயை ஈடுசெய்ய 10 இலட்சம் விற்க வேண்டியிருந்தது. இலாபமும் நட்டமும் இல்லாத இந்த விற்பனை அளவே சமப்பாட்டுப் புள்ளி. அப்போது 11 இலட்சம் விற்றதால் 17,500 ரூபாய் இலாபம் கிடைத்தது.

அரிசியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அது எப்போதும் விலைபோகும், மழையில்லாத காலத்தில் கெடாது, வாடிக்கையாளரையும் வரவழைக்கும். கந்தளாய்ப் பக்கத்திலிருந்து கூடுதல் மூடைகளை இறக்கியதும் மொத்த விற்பனை 12 இலட்சமாக உயர்ந்தது. ஆனால் மூடைகள் இடத்தையும் பணத்தையும் விழுங்கியதால் கருவாடு 2,40,000 ரூபாய்க்கும், பனம்பொருட்கள் 60,000 ரூபாய்க்கும் குறைந்தன. நூறு ரூபாய்க்கான பங்களிப்பு 14.50 ரூபாயாக இறங்கிச் சமப்பாட்டுப் புள்ளி ஏறத்தாழ 12,07,000 ரூபாயாக ஏறியது. ஓர் இலட்சம் கூடுதலாக விற்றும் 1,000 ரூபாய் நட்டமடைந்தேன்.

இங்கே தீர்மானிக்கும் காரணி ஒன்றுதான்: பெருகும் சரக்கு மற்றவற்றை இடம்பெயர்க்கிறதா, அல்லது அவற்றோடு சேர்கிறதா என்பது. மற்ற இரண்டும் குறையாமல் பழைய விற்பனையோடு 2 இலட்சம் ரூபாய் அரிசி மட்டும் கூடியிருந்தால், கலவை மாறியதால் சமப்பாட்டுப் புள்ளி அப்போதும் 10,70,000 ரூபாயைத் தாண்டி ஏறியிருக்கும். ஆனால் இலாபம் 37,500 ரூபாயாக உயர்ந்திருக்கும். ஆகவே புள்ளி ஏறுவது தானாகவே கெட்ட செய்தியல்ல. அது எதனால் ஏறியது என்பதை ஒவ்வொரு சரக்கின் விற்பனைத் தொகையையும் முந்தைய மாதத்தோடு ஒப்பிட்டே கண்டறிய முடியும். மொத்த விற்பனை கூடியிருந்தும் கருவாட்டின் தொகை ரூபாயளவில் சுருங்கியிருந்தால், அரிசி அதனை இடம்பெயர்த்திருக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். மொத்தத்தை மட்டும் எழுதி வைத்திருந்ததால் நான் இதனைத் தாமதமாகவே உணர்ந்தேன்.

கருவாட்டுக்கு இடத்தைத் திருப்பியபோது மொத்த விற்பனை 10 இலட்சமாகக் குறைந்தது. அதில் அரிசி 5 இலட்சம், கருவாடு 4 இலட்சம், பனம்பொருட்கள் 1 இலட்சம். நூறு ரூபாய்க்கான பங்களிப்பு 19 ரூபாயாக உயர்ந்து, சமப்பாட்டுப் புள்ளி சுமார் 9,21,000 ரூபாயாக இறங்கியது. இலாபம் 15,000 ரூபாய். இது பழைய 17,500 ரூபாயை எட்டவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஓர் இலட்சம் குறைவாக விற்றுப் பெற்ற இலாபம் இது. பழைய கலவையில் அதே 10 இலட்சம் விற்றிருந்தால் ஒரு ரூபாயும் மிஞ்சியிருக்காது.

இதன் பலவீனம் மாரி காலம். வாடைக்காற்றோடு மழை வரும் மாதங்களில் கருவாடு ஈரம் பிடித்து எடை கூடும், பூஞ்சணம் பூக்கும், கழிவாகும். கழிவு பங்களிப்பிலிருந்தே போகிறது: நூறு ரூபாய்க்கு 25 என்பது 15 ஆக இறங்கினால் அதே 10 இலட்சம் விற்பனையில் 25,000 ரூபாய் நட்டம் வரும். மாதமொன்றுக்கு 15,000 ரூபாய்க்கு மேல் கழிவு போனால் இந்தத் தெரிவின் இலாபம் முழுவதும் கரைந்துவிடும். நான் இந்தக் கலவையோடு கடந்தது ஒரே ஒரு மாரிதான். அதனால் ஐப்பசியிலிருந்து தை வரை கருவாட்டுக் கொள்முதலைப் பாதியாக்கி, அந்த இடத்தில் பனம்பொருட்களை வைக்கிறேன். நூறு ரூபாய்க்கு 40 மிஞ்சும் சரக்கு அங்கே வருவதால், விற்பனை சற்றுக் குறைந்தாலும் கலவையின் பங்களிப்பு வீழ்ச்சியடையாது என்பது என் எதிர்பார்ப்பு. ஒடியலும் ஈரத்துக்கு முற்றிலும் தப்பியதல்ல என்பதால், அதன் கழிவையும் வரும் தை வரை தனியாக எழுதி வருவேன்.