டைல்ஸ் தரையில் நிற்காத யானை: நடுத்தர விலை போனில் குழந்தைகளுக்கான ஏஆர் விளையாட்டுகள்

கூட வேலை பார்க்கும் நண்பர் போன வாரம் கேட்டார்: "பொண்ணு ஏஆர் கேம் வேணும்னு ஒரே அடம். உங்க வீட்ல ஓடுதே, அதே போனை வாங்கிடவா?" ஏஆர் என்றால், கேமராவில் தெரியும் நம் வீட்டுக் காட்சியின் நடுவே இல்லாத பொருளை இருப்பது போலத் திரையில் காட்டுவது. என்னுடையது பதினெட்டாயிரம் ரூபாய் வாக்கில் வாங்கிய போன், இரண்டு வருஷம் தாண்டிவிட்டது, போன மாதம்தான் பேட்டரி மாற்றினேன். ராம், கேமரா, திரை அளவு எல்லாம் விளம்பரத்திலேயே இருக்கிறது, அதைத் திரும்ப எழுதப் போவதில்லை. இரண்டாம் வகுப்பு படிக்கும் என் மகள் இதில் விளையாடியதைப் பார்த்ததில் எனக்குத் தெரிந்தது, போனைவிட வீட்டுத் தரை முக்கியம் என்பதுதான்.

எங்கள் வீட்டில் வெள்ளை டைல்ஸ். பளபளவென்று இருக்கும். யானையைத் தரையில் நிறுத்தும் விளையாட்டைத் திறந்தால், "போனை மெதுவாக நகர்த்தவும்" என்ற படம் வரும். நகர்த்துவோம். திரும்பவும் அதே படம். ஒருவழியாக யானை வந்து நிற்கும், மகள் அதன் பின்பக்கத்தைப் பார்க்க இரண்டு அடி எடுத்து வைப்பாள், யானை வழுக்கிக்கொண்டே போய் சுவருக்குள் புகுந்துவிடும். சில நேரம் தரையை விட்டு முழங்கால் உயரத்துக்கு எழும்பி நிற்கும். "அப்பா, ஓடிப்போச்சு" என்று போனை என்னிடம் நீட்டுவாள். இந்த ஒரு எரிச்சல் மாதக்கணக்கில் தீரவே இல்லை. நான் போனைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.

விடுமுறைக்கு அம்மா வீட்டுக்குப் போனபோது அதே போன், அதே விளையாட்டு. திறந்த கையோடு தரையெல்லாம் புள்ளிகள் பூத்தன. யானை வந்து நின்றது, நின்ற இடத்திலேயே நின்றது. மகள் அதைச் சுற்றிச் சுற்றி வந்தாள், குனிந்து வயிற்றுக்குக் கீழே எட்டிப் பார்த்தாள், அசையவில்லை. அம்மா வீடு பழைய வீடு, மொசைக் தரை.

காரணம் எளிது. ஆண்ட்ராய்டு போன்களில் இந்த விளையாட்டுகளில் பெரும்பாலானவை கூகுளின் ஏஆர்கோர் என்ற அடித்தளத்தில் ஓடுகின்றன. அது கேமரா படத்தில் எளிதில் அடையாளம் காணக்கூடிய சின்னச் சின்னப் புள்ளிகளைத் தேடுகிறது: ஒரு மூலை, ஒரு கறை, நிறம் மாறும் ஓர் ஓரம். போன் நகரும்போது அந்தப் புள்ளிகள் படத்தில் எப்படி இடம் மாறுகின்றன என்று பார்த்து, தரை எங்கே, போன் எங்கே என்று கணக்குப் போடுகிறது. மொசைக்கில் கல் துண்டுகள் ஒன்றைப் போல இன்னொன்று இருக்காது, அதனால் பிடித்துக்கொள்ள ஆயிரம் புள்ளிகள் கிடைக்கின்றன. வெள்ளை டைல்ஸில் பிடிக்க எதுவுமே இல்லை. அதோடு ட்யூப்லைட்டின் பிரதிபலிப்பு வேறு. நாம் நகர்ந்தால் அந்த வெளிச்சமும் கூடவே நகர்கிறது. அதைத் தரையில் உள்ள புள்ளி என்று போன் நம்பினால், யானையும் வெளிச்சத்தின் பின்னாலேயே போய்விடும்.

வீட்டுக்குத் திரும்பியதும் தரையில் செய்தித்தாளை விரித்தேன். எழுத்தும் படமுமாக இருக்கும் நாலு தாள், மடிப்பில்லாமல், பக்கத்தில் பக்கத்தில். யானை நின்றது! பூப்போட்ட ஜமுக்காளமும் நன்றாக வேலை செய்கிறது. ஒரே நிறக் கோரைப்பாய் அவ்வளவு நன்றாக இல்லை. கட்டம் கட்டமாக ஒரே வடிவம் திரும்பத் திரும்ப வரும் விரிப்பில், ஒரு கட்டத்தை இன்னொன்றாக எடுத்துக்கொண்டு சில சமயம் குதிக்கிறது. மகள் தானாகவே சாக்பீஸ் எடுத்து மொட்டை மாடி சிமெண்ட் தரையில் கிறுக்கி வைத்து, அதன் மேல் டைனோசரை நிறுத்தினாள். "நான் புள்ளி குடுத்தேன்" என்றாள். எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. (மாடியில் பக்கத்தில் பெரியவர் இல்லாமல் கூடாது. திரையைப் பார்த்துக்கொண்டே பின்னால் நடக்கிற குழந்தைக்குக் கைப்பிடிச் சுவர் கண்ணில் படாது. வீட்டுக்குள்ளும் விரிப்பை விட்டு வெளியே காலை வைக்கக் கூடாது என்பதுதான் எங்கள் விதி.)

போனை எப்படி நகர்த்துவது என்பதும் இதே கதைதான். குழந்தைகள் நின்ற இடத்தில் நின்றபடி போனை மட்டும் வட்டமாகச் சுழற்றுவார்கள். அதில் தூரம் தெரியாது. கேமராவின் இடம் மாறினால்தான் கிட்டே உள்ள புள்ளி அதிகமாகவும் தூரத்துப் புள்ளி குறைவாகவும் நகரும், அந்த வித்தியாசத்தில்தான் தூரக் கணக்கே இருக்கிறது. அதனால் நண்டு மாதிரி பக்கவாட்டில் இரண்டு எட்டு வைக்கச் சொல்லிக் கொடுத்தேன். விளக்கு மங்கலாக இருந்தாலும், போனை வெடுக்கென்று திருப்பினாலும் படம் கலங்கி, புள்ளிகள் கைவிட்டுப் போய்விடும். மதிய நேரத்தில் ஜன்னல் வெளிச்சத்தில் விளையாடுவதுதான் சரி.

நண்பர் வாங்குவதாக இருந்தால் கடையில் முதலில் பார்க்க வேண்டியது கைரோஸ்கோப். இரண்டு கேமரா படங்களுக்கு இடையில் போன் எவ்வளவு திரும்பியது என்று சொல்வது அதுதான். இந்த விலையிலும் இதற்குக் கீழேயும் சில மாடல்களில் அது கிடையாது. சிலவற்றில் "விர்ச்சுவல் கைரோ" என்று போட்டிருப்பார்கள். அது மற்ற சென்சார்களை வைத்து ஊகிப்பது, இதற்கு உதவாது. கூகுள் ஏஆர்கோர் ஓடும் மாடல்களின் பட்டியலை வெளிப்படையாக வைத்திருக்கிறது, அதில் அந்த மாடல் பெயர் இருக்க வேண்டும். கையில் போன் இருந்தால் பிளே ஸ்டோரில் Google Play Services for AR என்று தேடுங்கள், இந்தச் சாதனத்துக்குப் பொருந்தாது என்று வந்தால் அங்கேயே முடிந்தது. விற்பனையாளர் "எல்லா கேமும் ஓடும் சார்" என்பார், அதை நம்பிப் பணம் கட்டாதீர்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் என் போனில் தீராத ஒன்று உண்டு. யானை நாற்காலிக்குப் பின்னால் நின்றாலும் நாற்காலிக்கு முன்னால்தான் தெரிகிறது. "பின்னாடி இருக்குற யானையை நாற்காலி ஏன்ப்பா மறைக்கல?" என்று மகள் கேட்டாள். நல்ல கேள்வி. எது முன்னே எது பின்னே என்று ஒவ்வொரு பொருளுக்கும் ஆழம் கணிக்க வேண்டும். எல்லா போனிலும் அது கிடையாது, இருக்கிற போனிலும் எல்லா விளையாட்டும் அதைப் பயன்படுத்துவதில்லை. அவளுக்கு ஒரு கண்ணை மூடி விரலைப் பார்க்கச் சொல்லி விளக்கினேன். அன்றைக்கு யானையை மறந்துவிட்டு விரலோடுதான் விளையாடினாள்.

சூட்டைப் பற்றி அப்படிப் பொறுமையாக என்னால் எழுத முடியாது. கேமரா, சென்சார்கள், முப்பரிமாணப் படம், திரை எல்லாம் ஒரே நேரத்தில் முழு வேகத்தில் ஓடுகின்றன. கால் மணி நேரத்தில் பின்பக்கம் கையில் சுடுகிறது, அப்புறம் திரை தானாக மங்குகிறது, படம் தத்தித் தத்தி வருகிறது, உடனே யானை மறுபடி வழுக்குகிறது. பேட்டரி மாற்றிக் கொடுத்தவர் சொன்ன ஒரே அறிவுரை, சார்ஜில் போட்டபடி குழந்தையிடம் கொடுக்காதீர்கள் என்பது. சார்ஜ் ஏறும் சூடும் விளையாட்டின் சூடும் சேர்ந்தால் பேட்டரி சீக்கிரம் கிழடாகும். போன் உறையைக் கழற்றிவிட்டுக் கொடுத்தால் கொஞ்சம் தாங்குகிறது. சுட ஆரம்பித்தால் அன்றைய விளையாட்டு முடிந்தது. இந்த நேரக் கட்டுப்பாட்டுக்கு மகள் வாதாடுவதே இல்லை, அவள் கையே சொல்லிவிடுகிறது.

டேட்டா விஷயத்தில் எதிர்பாராத நல்லது ஒன்று, எதிர்பாராத கெட்டது ஒன்று. யானையை நிறுத்துவதற்கு இணையமே தேவையில்லை, கணக்கெல்லாம் போனுக்குள்ளேயே நடக்கிறது. ஆப்பையும் அதன் படக் கோப்புகளையும் வைஃபையில் ஒருமுறை இறக்கி, எல்லா விலங்கையும் ஒருமுறை திறந்து பார்த்துவிட்டால், பிறகு ஃபிளைட் மோடிலேயே ஓடும் விளையாட்டுகள் பல உண்டு. போகிமான் கோ மாதிரி வரைபடத்தில் நடக்கும் விளையாட்டுக்கு மட்டும் எப்போதும் இணையமும் ஜிபிஎஸ்ஸும் வேண்டும். அதிலும் ஏஆரை அணைத்துவிட்டு விளையாடலாம், பேட்டரி மிஞ்சும்.

கெட்டது விளம்பரம். இலவசம் என்று போட்ட ஒரு டைனோசர் விளையாட்டு, பெயர் வேண்டாம், ஒவ்வொரு விலங்குக்கும் நடுவில் வீடியோ விளம்பரம் காட்டியது. ஒரே மாலையில் 300 எம்பிக்கு மேல் போயிருந்தது. என் பிளான் ஒரு நாளைக்கு 1.5 ஜிபி, எனக்கு அலுவலக வேலையும் அதிலேயே நடக்க வேண்டும். அமைப்புகளில் ஆப் வாரியான டேட்டா கணக்கைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன். விளம்பரத்தை மூடும் பொத்தானை ஏழு வயதுக் குழந்தையின் விரலுக்கு எட்டாத அளவு சின்னதாக வைத்து, தவறித் தொட்டால் கடைப் பக்கத்துக்குக் கொண்டுபோவது அயோக்கியத்தனம். ஃபிளைட் மோடில் திறந்தால் அந்த விளையாட்டு ஓட மறுத்தது. அன்றே தூக்கிவிட்டேன். பிளே ஸ்டோரில் ஒவ்வொரு வாங்குதலுக்கும் கடவுச்சொல் கேட்கும்படி வைத்துவிட்டு, App pinning போட்டுக் கொடுப்பது இப்போது வழக்கம். விளையாட்டை விட்டு வெளியே போக என் பின் எண் வேண்டும்.

இன்னும் போனில் மிஞ்சியிருப்பதில் மகளுக்கு மிகவும் பிடித்தது குவிவர் என்ற வண்ணம் தீட்டும் ஆப். அதற்கென்று உள்ள படத்தாளை அச்செடுத்து, கிரேயானில் வண்ணம் தீட்டி, கேமராவில் காட்டினால், அவள் தீட்டிய அதே நிறத்தோடு படம் தாளை விட்டு எழுந்து நிற்கும். கோட்டைத் தாண்டிப் பூசியதும் அப்படியே தெரியும். இதில் தரையைத் தேடும் வேலை இல்லை, தாளே அடையாளம். அதனால் டைல்ஸ், ஜமுக்காளம் எதுவும் பிரச்சினை இல்லை. தாள் முழுவதும் கேமராவில் விழ வேண்டும், மேலே நம் நிழல் விழக் கூடாது, அவ்வளவுதான். ஜெராக்ஸ் கடையில் மை மங்கலாக வந்த ஒரு தாளை அது கண்டுகொள்ளவே இல்லை. கறுப்புக் கோடு அழுத்தமாக வரும்படி கேட்டு வாங்குங்கள். சில படங்கள் இலவசம், சிலவற்றுக்குக் காசு.

இவ்வளவும் சொல்லிவிட்டு இந்தப் போனில் ஏஆர் விளையாட்டுக்கு எத்தனை மதிப்பெண் என்று நண்பரிடம் நான் சொன்னது ஐந்துக்கு இரண்டு. மகளின் கேள்விகளுக்கு ஐந்துக்கு ஐந்து கொடுப்பேன், ஆனால் அந்த விளம்பரங்களை நினைத்தால் விளையாட்டுக்கு இரண்டுக்கு மேல் கொடுக்க மனசு வரவில்லை. இதற்காகப் புதுப் போன் வாங்க வேண்டாம் என்றேன். அவர் வீட்டிலும் வெள்ளை டைல்ஸ்தானாம். முதலில் இருக்கிற போனில் குவிவரைப் போட்டு, நாலு தாள் அச்செடுத்துக் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.