கரை நிறத்துக்கு ரவிக்கைத் துணி எடுப்பவர்கள் கவனத்திற்கு

சென்ற வைகாசியில் கோபியில் நடந்த என் நாத்தனார் மகளின் கல்யாணத்திற்காக, சிறுமுகையில் நெய்த கடுகு மஞ்சள் பட்டுச்சேலை ஒன்றை எடுத்திருந்தேன். உடலில் ஒரு புட்டா கூடக் கிடையாது. ஒரு சாண் அகலத்திற்கு மயில்கழுத்து நிறக் கரை மட்டுமே. கரைக்கு ஒத்த நிறத்தில் ரவிக்கை தைக்க விரும்பி, ஈரோட்டில் மேட்சிங் துணி விற்கும் கடை ஒன்றிற்குச் சேலையையும் எடுத்துச் சென்றேன்.

கடைக்காரர் நீலத் துணி ஒன்றைக் கரையின் மேல் விரித்து, "அதே நெறந்தானுங்க அக்கா, துளி மாத்தம் இல்லைங்க" என்றார். வாசலுக்குக் கொண்டுபோய்ப் பார்க்கிறேன் என்றதற்கு, "வெயில்ல எல்லாமே வெளுத்துத்தானுங்க தெரியும்" என்று தடுத்து, நான் சரி என்று சொல்வதற்கு முன்பே ஒரு மீட்டரை வெட்டிவிட்டார்.

முகூர்த்தத்தன்று காலை வெளிச்சத்தில் கரை பச்சையாகத் தெரிந்தது. ரவிக்கை நீலமாகவே இருந்தது. தோளில் மடிப்பு வைக்கும்போது அகலக் கரை ரவிக்கையை ஒட்டியே விழுவதால், அந்தச் சிறு வேறுபாடு எல்லார் கண்ணிலும் பட்டது. மறுவாரம் கேட்டபோது, வெட்டிய துணிக்குப் பொறுப்பில்லை என்று கடைக்காரர் கைவிரித்தார். துணிக்கு 700 ரூபாய், லைனிங் வைத்துத் தைத்த கூலி 900 ரூபாய், இரண்டும் வீண்.

காரணத்தைத் தறி ஓட்டும் என் பெரியப்பாதான் காட்டினார். சேலையின் வெட்டு விளிம்பிலிருந்து குறுக்கே ஓடும் இழை ஒன்றை உருவினார். உடலிலும் கரையிலும் அது ஒரே மஞ்சள் இழையாகவே வந்தது. கரையில் நீளவாக்கில் ஓடும் பாவு மட்டுமே நீலம். குறுக்கே ஓடும் ஊடை, உடலுக்கு ஓடிய அதே மஞ்சள். நீலமும் மஞ்சளும் குறுக்கிடுவதால், வெளிச்சமும் மடிப்பும் மாறும்போது கரை நீலத்திற்கும் பச்சைக்கும் இடையே மாறிக்கொண்டே இருக்கும். ஒரே சாயத்தில் தோய்த்த துணி எதுவும் அதனோடு எப்போதும் ஒத்துப்போகாது. கரைக்குத் தனி ஊடை ஓட்டி நெய்யும் கோர்வைச் சேலையில், பாவும் ஊடையும் ஒரே நிறமாக இருந்தால், இந்தச் சிக்கல் வராது. அதற்குக் கரை நிறத்திலேயே தாராளமாக எடுக்கலாம். நாள்தோறும் சேலைக்குத் துணி பொருத்திக் கொடுப்பவருக்கு இது தெரியாமலிருக்க வாய்ப்பில்லை என்பதே என் வருத்தம்.

ஆகவே, கத்தரியை எடுப்பதற்கு முன் அந்த ஓர் இழையை உருவிப் பாருங்கள். சேலையையும் துணியையும் பகல் வெளிச்சத்தில் கரையை மடித்து வைத்து, நேராகவும் சாய்த்தும் பாருங்கள். கரையின் பாவும் ஊடையும் இரு வேறு நிறமாக இருந்தால் கரையைத் தொட்டும் தொடாமலும் இருக்கும் நிறத்தை எடுக்கவே வேண்டாம். நான் பிறகு அதே சேலைக்கு அடர்ந்த அரக்கு நிறத்தில் தைத்தேன். கரை நீலமாகத் தெரிந்தாலும் பச்சையாகத் தெரிந்தாலும் அரக்கு விலகியே நிற்பதால், வேண்டுமென்றே எடுத்த நிறமாகத் தெரிகிறது.