ஒரே வீடு, ஒரே நெட்வொர்க், ரெண்டு போன்: நாகலூரில் அளந்து பார்த்தது

ஏற்காட்டில் நாகலூர் பக்கம் மாமனார் வீடு. கருங்கல் சுவர். உள்ளே போனால் என் போனில் ஒரே கோடு, மச்சான் போனில் மூன்று கோடு. சிம் ரெண்டும் ஒரே நிறுவனத்துடையது, ஆனால் என் போனின் விலை அவனுடையதைப் போல ரெண்டு மடங்கு. "இதுக்கா மாமா இவ்வளவு காசு கொடுத்தீங்க?" என்றான். நியாயமான கேள்விதான், உட்கார்ந்து அளந்தே பார்த்துவிட்டேன்.

கோடுகளை நம்பாதீர்கள். எவ்வளவு சிக்னலுக்கு எத்தனை கோடு என்பதற்குப் பொது விதி கிடையாது, கம்பெனிக்குக் கம்பெனி மாறும். நெட்வொர்க் அளக்கும் இலவச ஆப் ஒன்றைப் போட்டு RSRP என்ற எண்ணைப் பாருங்கள், டவரிலிருந்து வந்து சேரும் சிக்னலின் பலம் அது. மைனஸில் இருக்கும். பத்து இறங்கினால் வந்து சேரும் சக்தி பத்தில் ஒரு பங்காகிவிட்டது என்று அர்த்தம். நாலைந்து வித்தியாசத்துக்குச் சண்டை போட வேண்டாம், போன் அளப்பதில் 6 வரை பிசகலாம் என்று தரநிலையே இடம் கொடுக்கிறது.

கூடத்தில் என்னுடையது -114, அவனுடையது -97. அப்புறம்தான் கவனித்தேன், என் போன் 2300 மெகாஹெர்ட்ஸில் தொங்கிக்கொண்டிருக்கிறது, அவனுடையது 850-இல். குறைந்த அலைவரிசைதான் சுவரைத் தாண்டி நன்றாக வரும், ஆக இது சமமான போட்டியே இல்லை. 2300 எட்டாத பின்கட்டுச் சமையலறைக்குப் போனோம், ரெண்டும் 850-க்கு இறங்கின. மேடையில் வைத்தால் என்னுடையது -105, அவனுடையது -99. இதைப் பிசகு என்று விட்டுவிடலாம். கையில் எடுத்தால்தான் விஷயம்: அவனுடையது -102, என்னுடையது -116. சிம்மை மாற்றிப் போட்டும் அதே கதை.

காரணம் ஆன்டெனா. 850-இன் அலைநீளம் சுமார் 35 செ.மீ., அதில் கால்வாசி என்றாலும் 9 செ.மீ. வேண்டும். என் போனில் உலோகச் சட்டமே ஆன்டெனா, ஓரத்தில் மெல்லிய பிளாஸ்டிக் கோடு தெரிகிறதே, அது சட்டத்தைத் துண்டு துண்டாகப் பிரிக்கிற இடைவெளி. அங்கே விரல் பட்டால் ஆன்டெனாவின் சுருதியே மாறிவிடும், போதாக்குறைக்கு உள்ளங்கையும் சக்தியை உறிஞ்சும். அவன் போன் முழுக்க பிளாஸ்டிக், ஆன்டெனா உள்ளே இருப்பதால் விரல் நேராகத் தொடுவதில்லை.

சரி, என் போனின் மோடம், அதாவது நெட்வொர்க்கோடு பேசுகிற சிப், வீணா? இல்லை. வாசல் ஜன்னலில் ரெண்டும் 2300-இல், ரெண்டும் -92 பக்கம், டவுன்லோடு எனக்கு ஏறக்குறைய ரெண்டு மடங்கு. நான்கு ஆன்டெனாவில் ஒரே சமயத்தில் வாங்குகிற மோடம் அது, அவனுடையதில் ரெண்டுதான். ஆனால் 850-இல் பெரும்பாலான போன்களுக்கு ரெண்டுக்குமேல் வைக்க இடமே இருக்காது, அதனால் அந்த மோடம் சமையலறையில் எனக்குப் பெரிதாக உதவவில்லை.

சேலத்தில் அஸ்தம்பட்டி மாடி வீட்டுக்கு என் போன்தான். நாகலூரில் கால் வந்தால் இப்போது மேடையில் வைத்து ஸ்பீக்கரில் பேசுகிறேன்.